பணம் போட்ட நாளும் எடுத்த நாளும்

எங்கே வாங்க வேண்டும், எங்கே விற்க வேண்டும், நட்டத்தை ஓர் எல்லையில் வெட்டும் ஸ்டாப்லாஸ் எங்கே வைக்க வேண்டும் என்பதை மட்டுமே வர்த்தகம் என்று நம்பி, 2023 ஜனவரியில் 3 லட்சம் ரூபாயுடன், நிஃப்டி குறியீட்டின் முன்பேர ஒப்பந்தங்களான நிஃப்டி ஃபியூச்சர்ஸில் இறங்கினேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால், எண்களோடு பழக்கம் இருக்கிறது, ஏமாற மாட்டேன் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, அதாவது 2024 ஜூலை இறுதியில், என் வர்த்தகக் கணக்கில் அதே 3 லட்சம்தான் இருந்தது. நடுவில் உடைத்துப் போட்ட 2 லட்சம் ரூபாய் வைப்புநிதி இல்லாமல் போயிருந்தது. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் நான் பிடித்த பாயின்ட்டுகளை எல்லாம் கூட்டிக் கழித்தால், 2,030 பாயின்ட் லாபத்தில் இருந்தேன். சந்தையை மொத்தத்தில் சரியாகவே கணித்தும் பணத்தை இழக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கணக்கில் எப்போது பணம் சேர்ப்பது, எப்போது எடுப்பது, கணக்கு வளரும்போது ஒரு வர்த்தகத்தில் எவ்வளவு பணயம் வைப்பது என்ற மூன்றுக்கும் என்னிடம் விதியே இல்லாமல் இருந்ததுதான் காரணம்.

தொடக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்போது நிஃப்டியில் குறைந்தபட்சம் வாங்க வேண்டிய தொகுப்பான ஒரு லாட் 50 யூனிட்; ஒரு பாயின்ட் அசைந்தால் 50 ரூபாய். ஒரே ஒரு லாட் வாங்குவேன், 100 பாயின்ட் தள்ளி ஸ்டாப்லாஸ் வைப்பேன்; போனால் 5,000 ரூபாய், அதாவது 3 லட்சத்தில் ஒன்றே முக்கால் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து மாதங்களில், செலவுகள் போக 1,800 பாயின்ட் சேர்ந்தது, 90,000 ரூபாய். கணக்கு 3,90,000 ஆனதும் எந்த யோசனையும் இல்லாமல் இரண்டு லாட்டுக்கு மாறினேன். "பணம்தான் வளர்ந்திருக்கிறதே" என்பது மட்டுமே அதற்குக் காரணம். சந்தையின் ஏற்ற இறக்கமும் சற்றுக் கூடியிருந்ததால் ஸ்டாப்லாஸை 120 பாயின்ட்டாக்கி இருந்தேன். 100 யூனிட்டுக்கு 120 பாயின்ட் என்றால் 12,000 ரூபாய். 3,90,000இல் அது மூன்று சதவீதத்துக்கு மேல். கணக்கு முப்பது சதவீதம் வளர்ந்திருந்தபோது நான் வைத்த பணயம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருந்தது. "ஒரு லாட் கூட" என்று சொல்லும்போது அது சின்ன அடி போலத் தோன்றும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது என்பது பணயத்தை இரட்டிப்பாக்குவது. அந்த நவம்பர் முதல் மார்ச் வரை சந்தை நன்றாக ஏறியதால் 1,500 பாயின்ட் கிடைத்தது, ஒன்றரை லட்சம் வந்தது, என் தவறு தவறாகவே தெரியவில்லை. 2024 மார்ச் முடிவில் கணக்கு 5,40,000.

இந்தப் பதினைந்து மாதங்களில் நான் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. கூட்டு வளர்ச்சி கெட்டுவிடும் என்று எங்கோ படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, ரண்டே கால் லட்சத்துக்கு மேல லாபம்னு சொல்றீங்க, ஒரு ரூபா வூட்டுக்கு வந்து நான் பார்க்கலியே?" நான் சிரித்துக்கொண்டே கைபேசியில் கணக்கைத் திறந்து காட்டினேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் கேள்வியை அன்றே முறையாக எடுத்துக்கொண்டிருந்தால், ஆண்டு முடிவதற்குள் வருமான வரிக்கான பங்கையாவது வெளியே எடுத்து வைத்திருப்பேன்.

பிறகு நடந்தது, என்னைப் போன்ற பலருக்கும் நடக்கக்கூடியது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளர் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் வங்கிக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. காலாண்டு முறையைத் தேர்ந்தவர்களுக்குக் காலாண்டின் முதல் வெள்ளிக்கிழமை வாக்கில் அது வரும். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் என்னிடம் திறந்த பொசிஷன், அதாவது இன்னும் முடிக்காத வர்த்தகம், எதுவும் இல்லை, அதனால் 5,40,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. வங்கியின் குறுஞ்செய்தியைப் பார்த்தபோது, கையில் உண்மையாகவே பணம் வந்து விழுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. அந்த மகிழ்ச்சியில் பாதியையாவது நிறுத்தி வைத்திருக்கலாம். நான் செய்தது வேறு: இவ்வளவு நன்றாகப் போகும்போது சின்னத் தொகையை வைத்துக்கொண்டு ஏன் காலத்தை வீணாக்க வேண்டும் என்று, 2 லட்சம் ரூபாய் வைப்புநிதியை உடைத்தேன், மனைவியின் வளையல்களையும் ஆரத்தையும் வைத்து 4 லட்சம் நகைக்கடன் வாங்கினேன், மாதம் சுமார் 3,000 ரூபாய் வட்டி. ஆக, 11,40,000 ரூபாயைக் கணக்கில் போட்டேன். என் வர்த்தக வாழ்க்கையின் மிகச் சிறந்த ஐந்து மாதங்கள் முடிந்த கையோடு, முதலை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கினேன். ஒரு முறைக்குத் தொடர்ந்து நல்ல காலம் அமைந்தபின் ஒரு மந்தக் காலம் வருவது இயல்பு. ஆனால் நாம் பணத்தைச் சேர்க்கத் துணிவதோ, சரியாக அந்த நல்ல காலத்தின் முடிவில்தான்.

அந்த மாதக் கடைசியில் நிஃப்டி லாட் 50இலிருந்து 25 ஆகக் குறைந்தது. சின்ன லாட் என்பது பணயத்தை நுணுக்கமாக அளந்து வைக்கக் கிடைத்த வசதி; நானோ பிணையாக வைக்க வேண்டிய மார்ஜின் தொகை எத்தனை லாட்டுக்கு இடம் கொடுக்கிறதோ அத்தனையை நோக்கிப் போனேன். 12 லாட், அதாவது 300 யூனிட். முன்பு 5,40,000க்கு 100 யூனிட் வைத்திருந்த விகிதப்படி பார்த்தாலும் 11,40,000க்கு ஏறத்தாழ 210 யூனிட்தான் வந்திருக்க வேண்டும். தேர்தல் காலம் என்பதால் ஸ்டாப்லாஸ் 150 பாயின்ட்டாக விரிந்திருந்தது. 300 யூனிட்டுக்கு 150 பாயின்ட் என்றால் 45,000 ரூபாய், கணக்கில் நான்கு சதவீதம். மொத்தத்தில் என் பணயம் ஒன்றே முக்காலிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து நான்குக்கும் போயிருந்தது. எந்த இடத்திலும் நான் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை.

மே மாதம் முழுவதும் சந்தை மேலும் கீழுமாக அலைந்தது. என் முறை அப்படிப்பட்ட சந்தையில் அடி வாங்கும் என்பது எனக்குத் தெரியும். 2023இலும் இப்படி மாதங்கள் இருந்தன. அந்த மாதம் நிகர நட்டம் 420 பாயின்ட். பழைய 50 யூனிட்டில் அது 21,000 ரூபாய், முணுமுணுத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். 300 யூனிட்டில் 1,26,000 ரூபாய். என் மாதச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை ஒரே மாதத்தில் போனபோது, நட்டத்தில் இருக்கும் பொசிஷனை மூடுவதற்குக் கை வரவில்லை. லாபத்தில் இருப்பதை அவசரமாக மூடினேன். தொகை ஒருவரின் தாங்கும் அளவைத் தாண்டினால் முறை அதே முறையாக இருந்தாலும் அதைச் செய்கிற ஆள் மாறிவிடுகிறான் என்பதை அப்போதுதான் கண்டேன்.

ஜூன் 1 மாலை வந்த கருத்துக்கணிப்புகளை வைத்து, ஜூன் 3 அன்று நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263இல் முடிந்தது. நான் 23,250இல் 300 யூனிட் வாங்கி இரவைக் கடத்தினேன். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. காலையில் ஸ்டாப்லாஸ் ஆர்டரை 23,100இல் தூண்டப்பட்டு 23,090க்கு விற்கும்படி போட்டேன். பத்து பாயின்ட் இடைவெளி மட்டுமே விட்டது, இரண்டு லாட் வைத்திருந்த காலத்துப் பழக்கம். விலை அந்த இடத்தைக் கடந்த வேகத்தில் ஆர்டர் தூண்டப்பட்டது, ஆனால் 23,090க்கு வாங்க ஆளில்லை. விலை அதற்குக் கீழே போய்விட்டது. அலுவலகத்தில் ஏற்றுமதி விலைப்பட்டியல் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேசையின் இழுப்பறையைப் பாதி திறந்து அதற்குள் கைபேசியை வைத்துப் பார்த்தபோது, விற்பனை ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அந்த நொடியில் அதைச் சந்தை விலைக்கு மாற்றியிருந்தால் நட்டம் 200 பாயின்ட்டோடு போயிருக்கும். கொஞ்சம் மேலே வரட்டும், 23,090 வந்தால் தானாகப் போய்விடும் என்று இழுப்பறையை மூடினேன். கடைசியில் 22,400க்கு விற்றேன். 850 பாயின்ட், 2,55,000 ரூபாய். அன்று சந்தை 21,300க்குக் கீழே வரை போய், ஏறத்தாழ ஆறு சதவீத வீழ்ச்சியுடன் 21,884இல் முடிந்தது. மூன்றே நாளில், ஜூன் 7 அன்று, 23,290க்குத் திரும்பியும் வந்தது. என்னிடம் அப்போது எந்தப் பொசிஷனும் இல்லை, எடுக்கும் துணிவும் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் பதினைந்து மாதங்களில் கூட்டிய பாயின்ட் 3,300. அடுத்த இரண்டு மாதங்களில் இழந்தது 1,270. நிகரமாக 2,030 பாயின்ட் லாபம். ரூபாயிலோ, முதலில் வந்தது 2,40,000, பின்னர் போனது 3,81,000. நிகர நட்டம் 1,41,000. தொடக்கம் முதல் 50 யூனிட்டையே வைத்திருந்தால் இதே வர்த்தகங்கள் எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் தந்திருக்கும். பணத்தைச் சேர்க்காமல் 100 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,27,000 போய், 1,13,000 லாபம் மிஞ்சியிருக்கும். சேர்த்த பணத்துக்கு ஏற்ற "நியாயமான" 200 யூனிட் வைத்திருந்தாலும் 2,54,000 போய், முந்தைய லாபம் முழுவதும் கரைந்திருக்கும். இந்தக் கடைசிக் கணக்குதான் என்னை அதிகம் உலுக்கியது. விகிதம் தவறாமல் பணயத்தைக் கூட்டினாலும், உச்சியில் ஒரே தடவையில் முதலை இரட்டிப்பாக்கினால், சின்னக் கணக்கில் சேர்த்த லாபத்தைப் பெரிய கணக்கின் ஒரு சாதாரணச் சரிவு விழுங்கிவிடும்.

அதோடு முடியவில்லை. 2023–24 நிதியாண்டில் வந்த லாபத்துக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. ஃபியூச்சர்ஸ் வருமானம் வணிக வருமானம் என்பதால் சம்பளத்தோடு சேர்ந்து என் அடுக்குக்கான விகிதத்தில், அதாவது மேல்வரியுடன் சுமார் 21 சதவீதத்தில் வரி வந்தது. முன்கூட்டிய வரியை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் தவணையாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாததால் 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டியும் சேர்ந்தது. வரி, வட்டி, ஆடிட்டர் கட்டணம் எல்லாமாக 50,000 ரூபாய் ஆயிற்று. நட்டம் மே, ஜூன் மாதங்களில் நடந்ததால் அது அடுத்த நிதியாண்டுக்கு உரியது. முந்தைய ஆண்டு லாபத்தில் அதைக் கழிக்க வழியில்லை. சம்பளத்தில் கழிக்கவும் சட்டம் இடம் தருவதில்லை. உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை பின்வரும் வணிக வருமானத்தில் ஈடுசெய்யலாம், அவ்வளவுதான். ஆக, கையில் இல்லாத லாபத்துக்கு, மிச்சமிருந்த முதலிலிருந்து வரி கட்டினேன். கணக்கில் இருந்த 7,59,000இலிருந்து நகைக்கடனுக்கும் வட்டிக்கும் 4,09,000, வரிக்கு 50,000 எடுத்தபின் நின்றது, மிகச் சரியாக 3 லட்சம். நகையை மீட்டுவந்து கொடுத்தபோது மனைவி எதுவும் கேட்கவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் வைத்தாள்.

அதன்பின் நான்கு மாதங்கள் எழுதி எழுதித் திருத்திய விதிகளைத்தான் இன்று பின்பற்றுகிறேன். அவற்றுக்கு அடித்தளமாக நான் முதலில் மாற்றியது கணக்கு எழுதும் முறையை. பணம் உள்ளே வருவதும் வெளியே போவதும் நடக்கும்போது, மொத்தத் தொகையைப் பார்த்து நாம் வளர்கிறோமா தேய்கிறோமா என்று சொல்ல முடியாது. மியூச்சுவல் ஃபண்டுகள் செய்வதைப் போல, கணக்கை அலகுகளாகப் பிரித்து, ஓர் அலகின் மதிப்பை மட்டும் பார்க்க வேண்டும். என் பழைய கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 3 லட்சத்தை ஓர் அலகு 10 ரூபாய் என்று 30,000 அலகுகளாக வைத்தால், 5,40,000 ஆனபோது அலகின் மதிப்பு 18 ரூபாய். அன்று 6 லட்சம் சேர்த்தது என்பது, 18 ரூபாய் விலையில் 33,333 புதிய அலகுகளை வாங்கியதற்குச் சமம். 7,59,000க்கு விழுந்தபோது 63,333 அலகுகளுக்கு மதிப்பு தலா 12 ரூபாய்க்குச் சற்றுக் கீழ். உச்சியிலிருந்து 33 சதவீதச் சரிவு என்பதை இந்த எண் மறைக்காமல் காட்டியது. தொடக்கத்திலிருந்து பார்த்தால் அலகு மதிப்பு இருபது சதவீதம் உயர்ந்திருந்தது, ஆனால் என் பணப்பையில் நட்டம். ஏனென்றால் பாதிக்கு மேற்பட்ட அலகுகளை 18 ரூபாய்க்கு வாங்கியவன் நான்தான். எக்செலில் நான்கு பத்திகள் போதும்: தேதி, உள்ளே வந்ததும் வெளியே போனதும், மொத்த அலகுகள், அலகு மதிப்பு. இதற்கு மாதம் பத்து நிமிடம் ஆகிறது.

பணம் சேர்ப்பதற்கு இப்போது எனக்குள்ள கட்டுப்பாடுகள் கடுமையானவை. கடன் வாங்கிய பணமும் வைப்புநிதியும் உள்ளே வராது. சம்பளத்தில் மிச்சமான பணம் மட்டும், ஆண்டுக்கு இரண்டு குறித்த தேதிகளில், ஒரு தடவைக்குக் கணக்கின் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல். அலகு மதிப்பு தன் உச்சத்தில் இருந்தால் அந்தத் தேதியைத் தாண்டி அடுத்த தேதிக்குத் தள்ளிவிடுகிறேன். பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தாலும் சேர்ப்பதில்லை, ஏனெனில் அந்நேரம் முறை கெட்டிருக்கிறதா, சந்தைதான் ஒத்துழைக்கவில்லையா என்று எனக்கே தெரியாது. நட்டத்தில் நிற்கும் பொசிஷனைக் காப்பாற்ற மார்ஜினுக்காகப் பணம் அனுப்புவது அறவே கிடையாது. அப்படி அனுப்பும் பணத்துக்கு முதலீடு என்ற பெயர் பொருந்தாது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது, பணம் சேர்த்தபின் அடுத்த இருபது வர்த்தகங்களுக்கு அளவை மாற்றாமல் பழைய அளவிலேயே செய்வது. சேர்த்த பணம் சும்மா இருப்பது வீண் என்று தோன்றும், தோன்றட்டும். அந்த இருபதுக்குள் ஒரு மந்தக் காலம் வந்தால், அது பழைய அளவிலேயே வந்து போய்விடுகிறது.

பணயத்தின் அளவைப் பொறுத்தவரை, ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரே வேகம் கூடாது என்பதே நான் கற்றது. ஃபியூச்சர்ஸில் லாட் இதை இன்னும் கடினமாக்குகிறது. 2024 நவம்பரில் புதிய ஒப்பந்தங்களுக்கு நிஃப்டி லாட் 25இலிருந்து 75 ஆனது. 3 லட்சம் கணக்கில் 120 பாயின்ட் ஸ்டாப்லாஸுக்கு ஒரு லாட்டின் பணயம் 3,000 ரூபாயாக, அதாவது ஒரு சதவீதமாக இருந்தது. அது ஒரே நாளில் 9,000 ரூபாயாக, மூன்று சதவீதமாக ஆயிற்று. அதற்குக் கீழே இறங்க அரை லாட் என்று ஒன்று கிடையாது. ஸ்டாப்லாஸைச் சுருக்கி 40 பாயின்ட் வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள்; சந்தையின் வழக்கமான அசைவுக்குள்ளேயே அது அடிபட்டுவிடும். ஆகவே ஃபியூச்சர்ஸை நிறுத்திவிட்டு, ரொக்கச் சந்தையில் பங்குகளை வாங்கி விற்கும் முறைக்கு மாறினேன். அங்கே ஒரு பங்கு, ஏழு பங்கு என்று எந்த எண்ணிக்கையிலும் அளவை வெட்டிக்கொள்ளலாம். 80,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி ஐந்து சதவீதத்தில் ஸ்டாப்லாஸ் வைத்தால் பணயம் 4,000. 4 லட்சம் கணக்கில் ஒரு சதவீதம்.

அளவை ஏற்றுவது மாதக் கடைசியில் மட்டும்தான், அதுவும் இரண்டு மாதக் கடைசிகளில் கணக்கு தொடர்ந்து புதிய மட்டத்தில் நின்றால் மட்டும். இறக்குவது அன்றன்றைக்கே: அலகு மதிப்பு உச்சத்திலிருந்து பத்து சதவீதம் சரிந்தால் பணயம் பாதியாகிவிடும், இழந்ததில் பாதி திரும்பும்வரை பாதியாகவே இருக்கும். இதில் ஒரு குறை உண்டு. மீண்டு வரும்போது சின்ன அளவில் இருப்பதால் மீட்சி மெதுவாகத்தான் வரும். அதை ஒப்புக்கொண்டுதான் இந்த விதியை வைத்திருக்கிறேன். ஃபியூச்சர்ஸுக்குத் திரும்புவதற்கும் இதே போன்ற எல்லை உண்டு. லாட் இப்போது 65. 120 பாயின்ட்டுக்கு 7,800 ரூபாய். அது ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமானால் கணக்கில் 5,20,000 இருக்க வேண்டும். இரண்டாவது லாட்டுக்கு 10,40,000. இரண்டு லாட்டுக்குப் போனபின் கணக்கு 9,40,000க்குக் கீழே வந்தால் மீண்டும் ஒன்றே. ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் ஒரே எண்ணில் வைத்தால், அந்த எண்ணைச் சுற்றிக் கணக்கு ஊசலாடும்போதெல்லாம் பெரிய அளவில் தோற்று, சின்ன அளவில் ஜெயித்துக்கொண்டிருப்போம்.

லாபத்தை எடுப்பதற்குக் காலாண்டு முறை வைத்திருக்கிறேன், முந்தைய உச்சத்துக்கு மேலே வந்த தொகையில் பாதி மட்டும். 2025 ஏப்ரலில், போனஸிலிருந்து சேர்த்தது உட்பட, 4 லட்சத்தில் புதிதாகத் தொடங்கியதை வைத்துச் சொல்கிறேன். ஜூன் முடிவில் கணக்கு 4,60,000. உச்சத்துக்கு மேல் 60,000. அதில் 30,000 வெளியே வந்தது. அந்த 30,000இல் முதலில் வரிக்கு 12,500 ரூபாயை வேறொரு வங்கியில் உள்ள கணக்குக்கு மாற்றிவிட்டு, 17,500ஐ வீட்டுக்குக் கொடுத்தேன். புதிய உச்சம் 4,30,000 என்று குறித்துக்கொண்டேன். செப்டம்பர் முடிவில் 4,05,000. எடுக்க எதுவும் இல்லை. டிசம்பர் முடிவில் 4,42,000. அந்தக் காலாண்டில் மட்டும் பார்த்தால் 37,000 லாபம், பாதியை எடுக்கலாமே என்று கை நீளும். ஆனால் அதில் 25,000 முந்தைய காலாண்டில் இழந்ததை நிரப்பியதுதான்; உச்சத்துக்கு மேல் இருப்பது 12,000 மட்டுமே. ஆகவே 6,000 எடுத்தேன். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒவ்வொரு நல்ல காலாண்டிலும் லாபத்தை எடுப்பவர், நட்டத்தைத் தான் மட்டும் சுமந்துகொண்டு முதலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தின்கிறார் என்பதைப் பல மாதங்கள் கழித்தே உணர்வார்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விவரமும் ஒன்று உண்டு. அன்று விற்ற பங்கின் பணத்தையும் ஃபியூச்சர்ஸில் அன்று வந்த லாபத்தையும் அன்றே வெளியே எடுக்க முடியாது, அடுத்த வர்த்தக நாளில்தான் கைக்குக் கிடைக்கும். பொசிஷன் திறந்திருக்கும்போது எடுக்கக்கூடிய தொகை முழுவதையும் எடுத்துவிட்டால், ஒரு சின்ன அசைவிலேயே மார்ஜின் குறைந்து அபராதம் வரும். ஆகவே கடைசி நாளுக்கு முன்பே விற்க வேண்டியதை விற்று, மிச்சத்தைப் பார்த்து எடுப்பதே நல்லது.

முழுநேரமாக வர்த்தகம் செய்கிறவர்களுக்கு என் காலாண்டு முறை அப்படியே பொருந்தாது. எனக்குத் தெரிந்த ஒருவர் வேலையை விட்டுவிட்டு, 8 லட்சம் கணக்கிலிருந்து மாதம் 40,000 எடுத்துக் குடும்பம் நடத்தினார். கணக்கு பத்து சதவீதம் சரிந்து 7,20,000 ஆனது. அந்த நட்டத்தை மீட்க 11 சதவீத லாபம் போதும். ஆனால் அடுத்த மூன்று மாதங்கள் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று நின்றபோதும் வீட்டுச் செலவு நிற்கவில்லை. 1,20,000 எடுத்தபின் 6 லட்சம். இப்போது பழைய இடத்துக்கு வர 33 சதவீதம் வேண்டும். முறை செய்த சேதத்தைவிடப் பணம் எடுத்ததால் வந்த சேதம் பெரிது. பன்னிரண்டு மாதச் செலவைக் கணக்குக்கு வெளியே வைப்புநிதியில் வைத்துக்கொண்டு, மாதச் செலவை அதிலிருந்து எடுத்து, வர்த்தகத்தில் உச்சத்துக்கு மேல் வரும்போது மட்டும் அதை நிரப்பிக்கொள்வதுதான் அவருக்குச் சரியாக இருந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு மாதத்தைத் தனியே வைக்க முடியாத அளவுக்கு முதல் சின்னது என்றால், வேலையை விடும் காலம் இன்னும் வரவில்லை.

கடந்த வாரம் எடுத்த 6,000இல் 2,500 வரிக் கணக்குக்குப் போனது. மீதி 3,500ஐ மனைவியிடம் கொடுத்தபோது, "இவ்வளவுதானுங்களா?" என்றாள். இவ்வளவுதான் என்றேன். கணக்கில் 4,36,000 இருக்கிறது; ஏப்ரல் 1 அன்று மறுபடி பார்க்க வேண்டும்.